ஒரு வருஷம் வேலை நின்றால் வாரத்துக்கு எவ்வளவு வரும்? சொந்தத் தொழில்காரர்களுக்கான விபத்து, நோய்க் காப்பீட்டுக் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வரவு செலவு எழுதி, வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள் இல்லை. கொலுசுப் பட்டறை, தறி, மெக்கானிக் கடை, வாடகை வண்டி என்று கை ஓடினால்தான் காசு பார்க்கிறவர்கள். "ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் இருக்குங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். படுத்திருக்கும் மாதங்களில் வீட்டு அரிசிக்கும் பட்டறை வாடகைக்கும் எது வரும் என்று கேட்டால் பதில் இருக்காது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ தனியார் மெடிக்ளைமோ, இரண்டும் சிகிச்சைச் செலவுக்குத்தான். நின்றுபோன வருமானத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று என் அக்கா வீட்டுக்காரர் கதையை வைத்தே சொல்கிறேன். அதில் நான் செய்த பிழையும் ஒன்று உண்டு.

மாமாவுக்குச் சிவதாபுரத்தில் வீட்டின் முன்பக்கமே கொலுசுப் பட்டறை. அவரும் இரண்டு ஆட்களும் வேலை செய்வார்கள். 2023-இல் ஏற்காட்டில் ஒரு கடைக்குச் சரக்கு கொடுத்துவிட்டு பைக்கில் இறங்கி வந்தார். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கிய சாயங்காலம், ஒரு வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தது. வண்டி சறுக்கி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். மூன்று மாசத்தில் நடப்பார் என்றார்கள். எலும்பு கூடவில்லை. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து இன்னொரு ஆபரேஷன். 41 வாரம் எந்த வேலையும் இல்லை. அதன் பிறகு 11 வாரம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார், ஆட்களை ஏவினார், அவ்வளவுதான். சரியாக ஒரு வருஷம்.

அவரிடம் 10 லட்ச ரூபாய்க்கு ஒரு தனிநபர் விபத்து பாலிசி இருந்தது. 10 லட்சம் என்றதும் அக்கா தைரியமாகத்தான் இருந்தாள். கடைசியில் கைக்கு வந்தது 76,000 ரூபாய். ஏன் அவ்வளவுதான் என்பது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் வாரக் கணக்கு

விபத்து பாலிசிகள் வேலை நின்ற காலத்துக்குத் தரும் தொகையை வாரக் கணக்கில்தான் சொல்கின்றன. ஆகவே உங்கள் தேவையையும் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். சம்பாதிப்பது எவ்வளவு என்பதில் தொடங்க வேண்டாம். வேலை நின்றாலும் நிற்காத செலவு எது என்று எழுதுங்கள்.

மாமா வீட்டில் நாங்கள் எழுதியது இது: வீட்டுச் செலவு 15,000, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் மாதத்துக்குப் பிரித்தால் 4,000, மெஷின் கடன் தவணை 7,500, வெள்ளி வைக்க எடுத்த தனி அறைக்கும் கரண்ட்டுக்கும் 5,000, மருந்து மாத்திரை, பிரீமியம் 1,500. மொத்தம் மாதம் 33,000. அக்கா தையலில் 6,000 சம்பாதிக்கிறாள். அதைக் கழித்தால் 27,000. வருஷத்துக்கு 3,24,000. 52-ஆல் வகுத்தால் வாரம் சுமார் 6,230 ரூபாய்.

இந்த ஒரு எண் கையில் இல்லாமல் எந்த ஏஜென்ட்டிடமும் உட்காராதீர்கள். "பத்து லட்சம் போடலாமா, இருபது போடலாமா" என்று பேச்சு போகும். அந்த லட்சங்கள் உயிர் போனாலோ கை கால் நிரந்தரமாகப் போனாலோ வரும் தொகை. குணமாகக்கூடிய முறிவுக்கு வருவது அதில் ஒரு சின்னப் பங்குதான்.

எந்தப் பலனைக் கேட்டு வாங்க வேண்டும்

நோய், விபத்து இரண்டுக்கும் சேர்த்து மாதாமாதம் வருமானம் தரும் ஒரே பாலிசி சில வெளிநாடுகளில் சாதாரணம். நம் ஊரில் தனியாளுக்கு அப்படி ஒன்று எளிதில் கிடைப்பதில்லை. விபத்துக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று என்று நாமேதான் சேர்த்துக் கட்ட வேண்டும்.

விபத்துப் பக்கம் கேட்க வேண்டிய பலனின் பெயர் தற்காலிக முழு இயலாமை. பாலிசித் தாளில் டெம்பரரி டோட்டல் டிஸேபிள்மென்ட் என்று இருக்கும், ஏஜென்ட்டுகள் டி.டி.டி. என்பார்கள். பல பாலிசிகளில் இது தானாக வராது. தனியே கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் இது கிடையவே கிடையாது. அது மரணத்துக்கும், கண், கை, கால் நிரந்தரமாகப் போவதற்கும் மட்டும். 20 ரூபாய்க்கு 2 லட்சம் நல்ல திட்டம்தான், எல்லோரும் வைத்திருக்க வேண்டும். ஆனால் கூடிப்போகிற எலும்புக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல் சரல் சுரக்ஷா பீமா. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வாசகத்தை வரையறுத்து, 2021 ஏப்ரல் முதல் வந்த விபத்து பாலிசி. எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் பலன்கள் ஒன்றே, பிரீமியம்தான் மாறும். இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம். அதில் இந்த வாரத் தொகை விருப்பப் பலனாக இருக்கிறது. அடிப்படைக் காப்புத் தொகையில் 0.2 சதவீதம் வாரா வாரம், ஒரு காயத்துக்கு அதிகபட்சம் 100 வாரம்.

மாமாவின் பாலிசியிலும் இதே விகிதம்தான். 10 லட்சத்தில் 0.2 சதவீதம் என்பது வாரம் 2,000. தேவை 6,230. அக்காவின் தைரியத்துக்கும் நிஜத்துக்கும் இடையிலிருந்த பள்ளம் அதுதான். 6,230 வர வேண்டுமானால் 31.5 லட்சத்துக்கு எடுத்திருக்க வேண்டும். அப்போது வாரம் 6,300 வந்திருக்கும். 41 வாரத்துக்கு 2,58,300.

வேறு பாலிசிகளில் வாரத்துக்கு ஒரு சதவீதம் என்று போட்டிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ஒரு ரூபாய் உச்சவரம்பும் இருக்கும். சதவீதத்தைப் பார்க்காதீர்கள். "என் காப்புத் தொகைக்கு வாரத்துக்கு எத்தனை ரூபாய், எத்தனை வாரம், முதல் வாரம் கழிப்பீர்களா" என்று மூன்றையும் கேட்டு, பதிலை பாலிசி அட்டவணையில் காட்டச் சொல்லுங்கள்.

ரிட்டர்னில் காட்டாத வருமானம்

இங்கேதான் என் பிழை. சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. நமக்கு வருமான வரி ரிட்டர்ன்தான் சாட்சி. கம்பெனிகள் காப்புத் தொகையை ஆண்டு வருமானத்தின் இத்தனை மடங்கு என்று கட்டுப்படுத்துகின்றன. வாரத் தொகை உங்கள் வார வருமானத்தைத் தாண்டக் கூடாது என்றும் பல பாலிசிகளில் இருக்கும்.

சின்னத் தொழிலுக்கு விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டும் உத்தேச முறையில்தான் நாங்கள் பெரும்பாலும் ரிட்டர்ன் போடுகிறோம். மாமாவின் விற்றுமுதல் வெள்ளி விலையும் சேர்த்து 45 லட்சம். எட்டு சதவீதம் 3,60,000. அதையே போட்டேன். உண்மையில் அவர் கையில் நின்றது 4,80,000. அந்த 8 சதவீதம் குறைந்தபட்சம்தான், நிஜமான லாபம் கூடுதலாக இருந்தால் கூடுதலாகவே காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எல்லோருக்கும் அப்படியே போட்டுப் பழகிவிட்டது.

3,60,000-க்கு வார வருமானம் 6,923. மாமாவின் தேவை அதற்குள் அடங்கிவிட்டதால் பிழை அவரைச் சுடவில்லை. இன்னொரு பட்டறைக்காரருக்கு ரிட்டர்னில் 2,40,000 என்று இருந்தது. வாரத்துக்கு 4,615. அவருக்கு எவ்வளவு பெரிய பாலிசி எழுதினாலும் கிளைம் நேரத்தில் அந்த இடத்தில் நின்றுவிடலாம். பிரீமியம் கட்டியது வீண்.

குறைத்துக் காட்டுவது வரிக்குப் பயந்துதான் என்றால், அந்தப் பயத்துக்கு இப்போது காரணமே இல்லை. 2025–26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையான தொழில் வருமானத்துக்கு, தள்ளுபடி போக, கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். 3,60,000-க்குப் பதில் 4,80,000 என்று உள்ளதை உள்ளபடி காட்டினால் ஒரு ரூபாய் வரி கூடாது, வார வருமானம் 9,230 ஆகிறது. கம்பெனிகள் இரண்டு, மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்பதுண்டு. அதனால் விபத்து நடந்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. இந்த வருஷமே தொடங்குங்கள்.

விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டம்

ஏஜென்ட் நிரப்பினால் "பிசினஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். மேஜைக்குப் பின்னால் உட்காருகிறவருக்குப் பிரீமியம் குறைவு, கையால் வேலை செய்கிறவருக்குக் கூடுதல், உயரத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்கிறவருக்கு இன்னும் கூடுதல். மாமா கேஸ் வைத்துப் பற்றவைக்கிறார், மோட்டாரில் மெருகு போடுகிறார். "வெள்ளிக் கொலுசு செய்தல், பற்றவைப்பு, மெருகு, சரக்கு கொடுக்க இருசக்கர வாகனப் பயணம்" என்றுதான் எழுத வேண்டும். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நிழல் மரம் கழிக்க ஏறுகிறவர் "விவசாயம்" என்று மட்டும் எழுதினால், மரத்திலிருந்து விழுந்த நாளில் அந்தச் சொல்லே அவருக்கு எதிராக நிற்கும். சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதுங்கள். விண்ணப்பத்தின் நகலை வாங்கி வையுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் படித்துப் பாருங்கள். 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தர உரிமை உண்டு.

"முழு" என்ற சொல்

தற்காலிக முழு இயலாமையில் எடை முழுக்க "முழு" என்ற சொல் மேல்தான். சரல் சுரக்ஷா வாசகத்தின்படி, விபத்து நடந்தபோது உங்களால் செய்ய முடிந்த எந்த வேலையையும் இப்போது செய்ய முடியாமல் இருக்க வேண்டும். கொலுசு வேலைக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். மாமாவால் 52 வாரமும் அது முடியவில்லை. ஆனால் 42-ஆம் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஆரம்பித்தாரே, அன்றோடு வாரத் தொகைக்கான தகுதி முடிந்தது. அரை வேலைக்கு அரைத் தொகை என்ற பேச்சே இந்தப் பலனில் இல்லை.

இருபதாவது வாரம் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். பட்டறை வீட்டு முன்பக்கமே இருப்பதால் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மாமா உள்ளே கட்டிலில், காலில் கம்பிக் கூண்டோடு படுத்திருந்தார். "நீங்கதான் மேற்பார்வை பாக்கறீங்களா?" என்று கேட்டார் வந்தவர். "வீட்டுக்காரிதான் பாக்கறா. வேணும்னா அவளையே கேளுங்க" என்றார் மாமா. கூலி நோட்டில் அந்த மாதங்கள் முழுக்க அக்கா கையெழுத்து இருந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நோட்டில் மாமாவின் கையெழுத்து இருந்திருந்தால் அதோடு பேச்சு முடிந்திருக்கும். வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். படுத்திருக்கும்போது உண்மையிலேயே பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுங்கள், எழுத்திலும் அது தெரியட்டும்.

சீட்டில் விட்டுப்போன மூன்று வாரம்

41 வாரம், வாரம் 2,000 என்றால் 82,000 வர வேண்டும். வந்தது 38 வாரத்துக்கு. முதல் டாக்டர் சீட்டு 12 வாரத்துக்கு இருந்தது. அது முடிந்தபோது வலி குறைவாக இருக்கிறது என்று மாமா மறுபரிசோதனைக்குப் போகவில்லை. மூன்று வாரம் கழித்து வீக்கம் வந்த பிறகுதான் போனார். அங்கிருந்து புதுச் சீட்டு. இடையிலிருந்த மூன்று வாரத்துக்கு அவர் படுத்திருந்தார் என்பதற்குத் தாளில் ஆதாரம் இல்லை. 6,000 ரூபாய் போனது.

"படுத்துக் கிடந்தது ஊருக்கே தெரியும் மாப்ள" என்று என்னிடம் வருத்தப்பட்டார். ஊருக்குத் தெரிந்தது ஃபைலில் ஏற வேண்டுமே மாமா என்றுதான் சொல்ல முடிந்தது.

அதனால் விபத்து நடந்த வாரமே வீட்டில் ஒருவர் ஒரு ஃபைல் போட வேண்டும். சாலை விபத்து என்றால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். அல்லது சி.எஸ்.ஆர். ரசீது, ஆஸ்பத்திரியில் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. தானாக விழுந்ததுதானே, போலீஸ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பட்டறையில் கேஸ் சுட்டாலும் ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று சரியாகச் சொல்லிப் பதிய வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே படங்கள், ஓட்டுநர் உரிம நகல், ரிட்டர்ன்கள் எல்லாம் அதில் போகட்டும். கம்பெனிக்கு அன்றே போனிலும், பிறகு மெயிலிலும் தகவல் கொடுத்து, பதிவு எண்ணை வாங்குங்கள்.

டாக்டர் சீட்டு "ஓய்வு தேவை" என்று மொட்டையாக இருக்கக் கூடாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வேலையும் செய்ய இயலாது, காரணம் என்ன என்று இருக்க வேண்டும். ஒரு சீட்டின் கடைசி நாளும் அடுத்த சீட்டின் முதல் நாளும் ஒட்டியிருக்க வேண்டும். காலண்டரில் சீட்டு முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வட்டம் போட்டு வையுங்கள்.

நோய் வந்தால்

விபத்து பாலிசி நோய்க்கு வாய் திறக்காது. காசநோய், மஞ்சள் காமாலை, தானாக வந்த முதுகுத் தட்டு விலகல், வருஷக்கணக்கில் மெருகுத் தூசியை மூச்சில் இழுத்து வந்த நெஞ்சு நோய், எதுவும் அதில் இல்லை.

இங்கே கிடைப்பது கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி. பட்டியலில் உள்ள பெரிய நோய் ஒன்று உறுதியானால், மொத்தமாக ஒரு தொகை. வருமான நஷ்டத்தை நிரூபிக்க வேண்டாம், பில் காட்ட வேண்டாம். மாமாவின் கணக்கில் ஒரு வருஷத் தேவை 3,24,000. கோவைக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவு, கூடத் துணைக்கு வருகிறவரின் செலவு சேர்த்தால் 5 லட்சம் நியாயமான அளவு.

ஆனால் பட்டியலில் நோயின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த அளவுக்கு முற்றியது என்ற வரையறையும் இருக்கிறது. பக்கவாதம் என்றால் நரம்புப் பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நிலைத்திருக்க வேண்டும். இதயத்துக்கு பைபாஸ் செய்தால் பணம் உண்டு. ஸ்டென்ட் வைத்தால் அந்தத் தலைப்பில் கிடையாது. சிறுநீரகம் என்றால் தொடர்ந்து டயாலிசிஸ் வேண்டிய நிலை. பாலிசி எடுத்த முதல் 90 நாளுக்குள் கண்டுபிடித்த நோய்க்குப் பொதுவாகப் பணம் இல்லை. கண்டுபிடித்த பின் 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்றும் பல பாலிசிகளில் இருக்கும். விபத்து பாலிசியை எந்த மாதமும் எடுக்கலாம், நோய்க்கானதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

தினப்படி தரும் ஹாஸ்பிடல் கேஷ் பாலிசியை இதற்கு மாற்று என்று விற்பார்கள். அது ஆஸ்பத்திரியில் இரவு தங்கிய நாட்களுக்கு மட்டும். மாமா இரண்டு ஆபரேஷனுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரியில் இருந்தது 13 நாள். வீட்டில் கிடந்த நாட்களுக்கு அதில் ஒன்றும் வந்திருக்காது.

ஆக, பட்டியலில் இல்லாத நோய்க்கும், நாற்காலியில் உட்கார ஆரம்பித்த அந்த 11 வாரத்துக்கும், கிளைம் பணம் வந்து சேரும் வரையிலும் கைக்காசுதான் ஓட்ட வேண்டும். மாமாவுக்கு அந்த 11 வாரத் தேவை மட்டும் 68,530. மூன்று மாதச் செலவு, அவருக்கு 81,000, உடனே எடுக்கும்படி வங்கியில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதை வைத்துத்தான். ஏலச்சீட்டுப் பணத்தை இதில் சேர்க்காதீர்கள். வருமானம் நின்றால் சீட்டுக் கட்டுவதும் நின்றுவிடும்.

மறுத்துவிட்டால்

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். மூன்று வாரத்துக்காக மாமா போகவில்லை. சீட்டே இல்லாதபோது போயும் பயனில்லை என்று நானும் தடுத்தேன்.

இப்போது அவர் பாலிசி 31.5 லட்சத்துக்கு, வாரத் தொகைப் பலனோடு இருக்கிறது. தனியாக 5 லட்சத்துக்கு கிரிட்டிகல் இல்னஸ். ரிட்டர்ன் போட்ட கையோடு வருமானம் ஏறியிருக்கிறதா, மெஷின் கடன் முடிந்ததா என்று பார்த்து அந்த வார எண்ணை மறுபடி போடுகிறோம். போன முறை பள்ளிக் கட்டணம் ஏறியதால் 6,230 என்பது 6,690 ஆனது. புதுப்பிக்கும்போது காப்புத் தொகையை 33.5 லட்சமாக்கச் சொல்லியிருக்கிறேன்.